அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு சேலத்துல வரி கட்டணுமா?

வணக்கங்க. அமெரிக்காவுல வேலை பார்த்துட்டு ஊருக்கே திரும்பி வந்தவங்களுக்கு மாசாமாசம் வர்ற சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு இங்க வரி உண்டான்னு கேட்டா, சேலத்துல நாலு பேர் நாலு பதில் சொல்றாங்க. இந்த வீடியோவுல அமெரிக்கப் பணத்தை மட்டும் பேசுறேன். லண்டன்ல இருந்து வந்தவருக்குக் கணக்கு வேற. பிரிட்டன் அரசு தர்ற ஸ்டேட் பென்ஷனுக்கு இந்தியாவுல குடியிருக்கிறவர் இந்தியாவுலதான் வரி கட்டணும். அதனால பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டர்னைப் பார்த்து உங்க ரிட்டர்னைப் போடாதீங்க.

ஒரு உதாரணத்தோட போவோம். நியூ ஜெர்சியில தனியார் ஆஸ்பத்திரியில 22 வருஷம் நர்ஸா இருந்துட்டு, ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் வீடு வாங்கி செட்டில் ஆன ஒரு அக்கா. வயசு 69, கணவர் இல்லை. கையில இந்திய பாஸ்போர்ட்தான். கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைச்சுட்டாங்க. திரும்பி வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, அதனால இந்திய வரிச் சட்டப்படி முழு ரெசிடென்ட். மாசம் 2,000 டாலர் சோஷியல் செக்யூரிட்டி. சேலம் அஸ்தம்பட்டியில ஒரு வீட்டு வாடகை, பேங்க் டெபாசிட் வட்டி, ரெண்டும் சேர்த்து வரிக்குரிய வருமானம் வருஷம் 9 லட்ச ரூபாய். டாலரை கணக்கு எளிமைக்காக 85 ரூபாய்னு வச்சுக்குவோம்.

முதல்ல அமெரிக்கா பக்கம். இந்த அக்காவுக்கு 2,000 டாலர் முழுசா வராது. அமெரிக்கக் குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாம வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு, சோஷியல் செக்யூரிட்டியில 85 சதவீதத்துக்கு 30 சதவீத வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. பெருக்கிப் பார்த்தா மொத்தத்துல 25.5 சதவீதம். 2,000ல 510 போயி, கைக்கு 1,490. வருஷத்துக்கு 6,120 டாலர் பிடித்தம். ஜனவரியில SSA-1042S னு ஒரு தாள் வரும், இந்தக் கணக்கு அதுல இருக்கும். வேற அமெரிக்க வருமானம் இல்லைன்னா அங்க ரிட்டர்ன் போட வேண்டியதில்லை, பிடிச்சதோட முடிஞ்சது.

"இந்தியாவோட ஒப்பந்தம் இருக்கே, அந்த 25.5ஐ திருப்பி வாங்க முடியாதா?"ன்னு கேப்பீங்க. முடியாதுங்க. 1989ல கையெழுத்தான இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்துல 20வது பிரிவு, ரெண்டாவது பத்தி. ஒரு நாட்டு அரசு தர்ற சோஷியல் செக்யூரிட்டிக்கு, தர்ற நாடு மட்டுமே வரி போடலாம்னு அது சொல்லுது. அந்த "மட்டுமே" ரெண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கலை, இந்தியாவுக்குப் பங்கே இல்லை.

இப்ப இந்தியா பக்கம். தப்பு நடக்கிறது பெரும்பாலும் இங்கதான். ஆடிட்டர் ஆபீஸ்ல பையன் ஒருத்தர் உட்கார்ந்து, "வெளிநாட்டு வருமானம்தானே, இங்க காட்டிட்டு அங்க கட்டின வரியை கழிச்சுக்கலாம்"னு சொல்லி, Form 67 போட்டு கிரெடிட் எடுத்துடுவாரு. கேக்க நியாயமாத்தான் தோணும், ஆனா காசு போயிடும். எவ்வளவுன்னு பாருங்க.

[திரையில்: தப்பான வழி]

24,000 டாலர்னா 20,40,000 ரூபாய். பென்ஷன்னு காட்டி 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சா 19,65,000. அதோட வாடகையும் வட்டியும் 9 லட்சம். மொத்தம் 28,65,000. புது வரி முறையில, 2025-26 நிதியாண்டு ஸ்லாப்படி, செஸ் சேர்த்து வரி சுமார் 4,57,000 ரூபாய். அமெரிக்காவுல கட்டினது 5,20,200 ரூபாய், அதனால எல்லாம் கழிஞ்சுடும்னு நினைப்போம். கழியாது. அந்த வருமானத்துக்கு விழுற இந்திய வரி அளவுக்குத்தான் கிரெடிட் கிடைக்கும். சராசரி விகிதப்படி அது சுமார் 3,13,000. மிச்சம் கிட்டத்தட்ட 1,44,000 ரூபாய் அக்கா கையில இருந்து கட்டணும்.

[திரையில்: சரியான வழி]

சோஷியல் செக்யூரிட்டி இந்திய வருமானத்துல சேரவே சேராது. மிச்சம் இருக்கிறது 9 லட்சம். புது முறையில 12 லட்சம் வரைக்கும் இருக்கிற தள்ளுபடியில இந்திய வரி பூஜ்யம். அதாவது பென்ஷனை உள்ள சேர்த்ததால, வரியே இல்லாத வாடகைக்கும் வட்டிக்கும் வரி விழுந்திருக்கு. அந்த 1,44,000 இப்படி வந்ததுதான்.

சேராதுன்னு சொன்னதால ரிட்டர்ன்ல காட்டாம விட்டுடலாம்னு அர்த்தம் இல்லை. வெளிநாட்டுல பேங்க் அக்கவுண்ட் வச்சிருக்கிற முழு ரெசிடென்ட்டுக்கு ITR-1 செல்லாது. ITR-2 போடுங்க. அதுல விலக்கு வருமானத்துக்கான Schedule EI இருக்கும். இரட்டை வரி ஒப்பந்தப்படி வரிக்கு உட்படாத வருமானம்னு அதுல தனிக் கட்டம் ஒண்ணு உண்டு. தொகை, என்ன வருமானம், எந்த நாடு, ஒப்பந்தத்துல எந்தப் பிரிவுன்னு கேக்கும். பிரிவுன்னு கேக்கிற இடத்துல 20(2) போடுங்க. அமெரிக்கக் கணக்கு ஜனவரி டு டிசம்பர், நம்மளது ஏப்ரல் டு மார்ச். அதனால SSA-1042S தாள்ல இருக்கிற எண்ணை அப்படியே தூக்கிப் போடாம, மாசாமாசம் வந்ததை வச்சு கூட்டிக்கோங்க. அமெரிக்க பேங்க் அக்கவுண்ட்டை Schedule FA-ல காட்டணும். அதை விட்டா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் போடலாம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தமா 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதத்துல இருந்து 2024 அக்டோபர்ல இருந்து விலக்கு இருக்கு. இருந்தாலும் காட்டிடுங்க.

இதே அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டு, ஓசிஐ கார்டோட ஏற்காட்டுல இருந்திருந்தா? 25.5 பிடித்தமே கிடையாது. அமெரிக்கர்களுக்கு உண்டான சாதாரணக் கணக்குதான். சோஷியல் செக்யூரிட்டியில பாதி, அதோட மத்த வருமானத்தைக் கூட்டணும். தனி ஆளுக்கு 25,000 டாலர் தாண்டலைன்னா சோஷியல் செக்யூரிட்டிக்கு அங்கயும் வரி இல்லை. அக்காவுக்குப் பாதி 12,000, வாடகை வட்டி சுமார் 10,600, ஆக மொத்தம் 22,600. வரி பூஜ்யம். இந்தியாவுலயும் பூஜ்யம். வருஷம் 6,120 டாலர் வித்தியாசம். அதுக்குப் பதிலா உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் அமெரிக்காவுக்குக் கணக்கு காட்டணும். இங்க இருக்கிற பேங்க் அக்கவுண்ட் எல்லாம் சேர்த்து 10,000 டாலர் தாண்டுச்சுன்னா அதையும் தனியா தெரிவிக்கணும். வரிக்காக மட்டும் பாஸ்போர்ட் மாத்துங்கன்னு நான் சொல்லலை. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி, குடியுரிமைக்குத் தகுதி வந்தும் யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க இந்த எண்ணையும் கணக்குல வச்சுக்கணும். கிரீன் கார்டை ஒப்படைக்காம பீரோவுல வச்சுக்கிட்டா பிடித்தம் வராதேன்னு சிலர் கேக்கிறாங்க. ஏற்காட்டுல நிரந்தரமா குடியிருந்துக்கிட்டு அதை வச்சிருக்க உரிமை கிடையாது, அதை வழியா நினைக்காதீங்க.

அடுத்தது ஒரு விதிவிலக்கு. இது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவுல அரசுப் பல்கலைக்கழகத்துலயோ மாநில அரசு ஆஸ்பத்திரியிலயோ வேலை பார்த்து, அந்த வேலை மூலமா சோஷியல் செக்யூரிட்டி சம்பாதிச்சவங்க. இவங்க இந்தியக் குடிமகனா இருந்து, இந்தியாவுல குடியிருந்தா, 19வது பிரிவு முந்திக்கும். அந்த அரசு வேலைக்கு உண்டான பங்குக்கு அமெரிக்கா வரி பிடிக்கக் கூடாது, இந்தியாதான் வரி போடும். மொத்தமும் தலைகீழ். பாதி வருஷம் தனியார், பாதி வருஷம் அரசுன்னா பிரிச்சுத்தான் பார்க்கணும். ஓசிஐ வச்சிருக்கிற அமெரிக்கக் குடிமகனுக்கு இது பொருந்தாது. அதனால உங்க ஆடிட்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியது டாலர் தொகை இல்லை. எந்த முதலாளிகிட்ட வேலை பார்த்தீங்க, இப்ப எந்த பாஸ்போர்ட்ங்கிறதைச் சொல்லுங்க.

கடைசியா 401(k). இதையும் சோஷியல் செக்யூரிட்டியையும் ஒரே பையில போட்டுக் குழப்பிக்காதீங்க. 401(k) தனியார் பென்ஷன், அதுக்கு 20வது பிரிவோட முதல் பத்தி. ஒழுங்கா, தவணை தவணையா எடுக்கிற பணத்துக்கு, குடியிருக்கிற நாடு மட்டும்தான் வரி போடலாம், அதாவது இந்தியா. நம்ம அக்கா மாதிரி அமெரிக்கக் குடிமகனா இல்லாதவங்க, கணக்கு வச்சிருக்கிற கம்பெனிக்கு W-8BEN கொடுத்து ஒப்பந்தச் சலுகையைக் கேக்கணும். கேக்கலைன்னா அவங்க 30 சதவீதம் பிடிச்சுடுவாங்க. "தவணை"ங்கிறது முக்கியம். ஒப்பந்தத்துல பென்ஷன்னா அப்பப்ப வர்ற தொகைன்னு விளக்கமே இருக்கு. மொத்தத்தையும் ஒரே அடியா எடுத்தா அந்தப் பாதுகாப்பு நழுவிடும், அமெரிக்காவும் வரி போட வரும்.

பணத்தை எடுக்காமலே கணக்குல வளர்ற லாபத்துக்கு இந்தியா வருஷாவருஷம் வரி கேக்குமேங்கிற பயம் பழசு. அதுக்காகத்தான் 89A பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணு நாட்டு ஓய்வூதியக் கணக்குகளுக்கு, எடுக்கும்போதுதான் வரின்னு நீங்க தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கிறதுன்னா வாயால சொல்றது இல்லைங்க, வருமான வரி போர்ட்டல்ல Form 10-EE போடணும், அதுவும் ரிட்டர்னோட கெடு தேதிக்குள்ள. ஒரு தடவை போட்டா வர்ற வருஷங்களுக்கும் அதுவே தொடரும், நினைச்சப்ப மாத்த முடியாது. இந்தப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1ல இருந்து 2025 சட்டம் நடைமுறைக்கு வந்ததால, அந்தத் தேதியில இருந்து வர்ற வருமானத்துக்குப் போடுற ரிட்டர்ன்ல எண்கள் மாறியிருக்கும். ஒப்பந்தத்தோட 19, 20 பிரிவுகள் மாறாது, அதையே சொல்லிக் கேளுங்க.