40 இல் 33: பணிப்பாளர் சபைக்குப் பாதுகாப்பு எண்களை எடுத்துச் சொல்வது எப்படி?

[திரையில்: கல்லடிப் பாலம், காலை நேரம். பின்னர் ஒரு கூட்ட மண்டபம், நீள மேசை, ஏழு நாற்காலிகள்.]

வணக்கம். மட்டக்களப்பு நகரில் தலைமை அலுவலகமும், வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை 9 கிளைகளும் கொண்ட ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் இங்கே நான் காட்டப்போகும் பிழைகள் ஒவ்வொன்றும் நான் எழுதிய அறிக்கைகளில் ஒரு காலத்தில் இருந்தவைதான்.

இந்தச் சங்கத்தின் பணிப்பாளர் சபையில் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர், நெல்வயல் வைத்திருக்கும் போடியார் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், மாதர் சங்கத் தலைவி ஒருவர் என்று பலரும் இருக்கிறார்கள். அவர்கள் எண்களுக்குப் பயந்தவர்கள் அல்லர். வைப்புத் தொகை, நிலுவைக் கடன், வட்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு காலாண்டிலும் வரி வரியாகப் பார்ப்பவர்கள். கணினிப் பாதுகாப்புக்கு அவர்கள் ஒதுக்கியிருப்பது 15 நிமிடம். கேட்பது தெளிவான எண்ணும், புரியும் மொழியும்.

[திரையில்: பழைய அறிக்கையின் முதல் வரி. “இக்காலாண்டில் 4,12,000 தாக்குதல்கள் தடுக்கப்பட்டன.”]

இந்த வரியை முதலில் நீக்கிவிடுவோம். இணையத்தில் உள்ள முகவரிகள் அனைத்தையும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன; நமது தடுப்புச் சாதனம் அந்தத் தட்டல் ஒவ்வொன்றையும் ஒரு தாக்குதலாக எண்ணிவிடுகிறது. அடுத்த காலாண்டில் அந்த எண் இரண்டு மடங்காகலாம், பாதியாகலாம். நாம் நன்றாக வேலை செய்தோமா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. குளக்கட்டைப் பார்த்துவிட்டு வரும் வட்டவிதானை, கட்டில் எத்தனை அலை மோதியது என்று போடியாரிடம் சொல்வதில்லை. எங்கே கசிகிறது, அதை எப்போது அடைப்போம், அடைக்காவிட்டால் யாருடைய வயல் போகும் என்றுதான் சொல்கிறார். சபைக்கு நாம் சொல்ல வேண்டியதும் அதுவே.

ஆகவே நமது முதல் எண் கசிவைப் பற்றியது. மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது. தயாரிப்பாளர் அதற்கான திருத்தத்தை வெளியிடுகிறார். நாம் அதை நமது கணினிகளில் போட வேண்டும். திருத்தம் வெளிவந்த நாளுக்கும் நாம் அதைப் போட்டு முடித்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் சென்றது என்பதே கேள்வி.

அந்த நாட்கள் ஏன் முக்கியம் என்பதைச் சபைக்கு ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடலாம். உலகமெங்கும் கணினிகளை முடக்கிய ‘வனாக்ரை’ 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை, தான் அப்போது ஆதரவளித்துவந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்தவை 59 நாட்கள். அந்த நாட்களுக்குள் திருத்தத்தைப் போட்டவர்களின் கணினிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது.

[திரையில்: இரண்டு பெரிய எண்கள். “சென்ற காலாண்டு: சராசரி 14 நாள். இக்காலாண்டு: சராசரி 11 நாள்.”]

இப்போது நமது சங்கத்தின் கணக்கைப் பாருங்கள். சென்ற காலாண்டில் உடனே அடைக்க வேண்டிய ஓட்டைகள் 38 இருந்தன, எல்லாம் அடைக்கப்பட்டன, சராசரியாக 14 நாள் எடுத்தது. இக்காலாண்டில் 40 இருந்தன, 36 அடைக்கப்பட்டன, சராசரி 11 நாள். அறிக்கை பச்சை நிறத்தில் வருகிறது, சபை மகிழ்கிறது. ஆனால் உண்மை நிலைமை மோசமாகியிருக்கிறது.

காரணம் மிகவும் எளிமையானது. 11 என்ற சராசரி அடைத்து முடித்த 36 ஓட்டைகளுக்கு மட்டும் உரியது. இன்னும் திறந்திருக்கும் 4 ஓட்டைகளுக்கு முடிவு நாள் இல்லாததால், அவை கணக்கிலேயே வரவில்லை. அவற்றின் வயது 62, 70, 81, 87 நாட்கள், கூட்டினால் 300. அடைத்த 36 இன் நாட்கள் 396. இரண்டையும் சேர்த்து 40 ஆல் வகுத்தால் 17.4 நாள் வருகிறது. அந்த நான்கும் இன்னும் திறந்தே இருப்பதால், உண்மையான எண் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். கடினமான வேலையை ஒத்திப்போட ஒத்திப்போட இந்தச் சராசரி அழகாகிக்கொண்டே போகும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு முறையே ஏமாற்றிவிடும்.

உங்கள் அறிக்கையில் இது நடக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. சராசரி குறைந்துகொண்டிருக்கும் அதே காலத்தில், திறந்திருக்கும் ஓட்டைகளில் மிகப் பழையதன் வயது கூடிக்கொண்டிருந்தால், சராசரியை நம்ப வேண்டாம்.

[திரையில்: “30 நாளுக்குள் அடைக்க வேண்டியவை 40. அடைத்தவை 33. சென்ற காலாண்டில் 38 இல் 36.”]

இதற்குப் பதிலாகச் சபையோடு ஒரு காலக்கெடுவை முன்கூட்டியே பேசி, கூட்ட அறிக்கையில் பதிந்துகொள்ளுங்கள். நமது சங்கத்தில் அது 30 நாள். இணையத்தை நேராகப் பார்த்திருக்கும் கணினிகளுக்கு அது நீண்ட காலம். அமெரிக்கக் கூட்டாட்சி நிறுவனங்களுக்கு 2019 இல் விடுக்கப்பட்ட பணிப்பு, அத்தகைய கணினிகளில் மிகக் கடுமையான ஓட்டைகளுக்கு 15 நாளே கொடுத்தது. காலக்கெடு எதுவாயினும், எண் வருவதற்கு முன்னரே அது முடிவாகியிருக்க வேண்டும். எண் வந்த பின் எல்லையை வரைந்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். இதில் நான் எவ்வித விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை.

அதன் பின், காலக்கெடு முடிந்த ஓட்டைகள் எத்தனை, அவற்றுள் கெடுவுக்குள் அடைத்தவை எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள். 40 இல் 33. திறந்திருப்பவையும் தாமதமானவையும் அந்த 7 இல் தாமாகவே வந்துவிடுகின்றன. நூற்று வீதமாகவும் மாற்ற வேண்டாம், 82.5 என்று சொன்னால் அது பரீட்சைப் புள்ளி போலக் காதில் விழும், 40 இல் 33 என்றால் மீதி 7 எங்கே என்ற கேள்வி உடனே எழும்.

அந்தக் கேள்வி எழும்போது, அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, மூன்று பிந்தி அடைத்தது சரி, அந்த நாலும் எங்கே கிடக்கு?” என்று கேட்பார். பதில் கையில் இருக்க வேண்டும். நான்கும் உறுப்பினர்களின் சேமிப்புப் பேரேடு இருக்கும் சேவரில் இருக்கின்றன. திருத்தத்தைப் பரிசோதனைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, பாஸ் புத்தகத்தில் பதிவு அச்சிடும் பகுதி நின்றுபோனது, அதனால்தான் போடவில்லை. 40 இல் 36 அடைபட்டதாகத் தெரிந்தாலும், அடைபடாத நான்கும் ஊர் மக்களின் பணம் பதிவாகியிருக்கும் அந்த ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன.

[திரையில்: இரண்டு பட்டியல்கள் அருகருகே. இடப்பக்கம் 152, வலப்பக்கம் 140.]

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த 40 ஓட்டைகளும் நமது சோதனை மென்பொருள் கண்ட 140 கணினிகளில் கிடைத்தவை. கணக்குப் பிரிவின் சொத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், சங்கம் 152 கணினிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. மீதி 12 எங்கே? பெரும்பாலும் கிராமங்களுக்குச் சென்று சேமிப்புப் பணம் சேகரிக்கும் உத்தியோகத்தர்களின் மடிக்கணினிகளாக இருக்கும். அவை அலுவலக வலையமைப்பில் எப்போதாவதுதான் இணைகின்றன. சோதனை நடக்கும் நேரத்தில் அவை படுவான்கரையில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் திறந்திருக்கும். பாதுகாப்புப் பிரிவு தானே தயாரித்த பட்டியலைத் தானே சரிபார்த்தால் இது ஒருபோதும் தெரியவராது; பணம் கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆகவே அறிக்கையின் இரண்டாவது வரி இதுதான்: “152 கணினிகளில் 140 ஐப் பார்த்தோம். 12 ஐப் பார்க்கவில்லை.” இந்த வரியை எழுத மனம் வராது. ஆனால் இது இல்லாமல் முதல் வரிக்குப் பொருள் இல்லை.

மூன்றாவது வரி, எல்லாம் கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பது. பேரேட்டுச் சேவர் விழுந்தால் எத்தனை மணி நேரம் கிளைகள் பணம் கொடுக்காமல் இருக்கலாம் என்று சபையிடம் முன்கூட்டியே கேளுங்கள். நமது சபை 8 மணி நேரம் என்றது. பின்னர் ஒரு சனிக்கிழமை, வேறொரு கணினியில் காப்புப் பிரதியிலிருந்து பேரேட்டை மீண்டும் எழுப்பிப் பார்த்தோம். 26 மணி நேரம் எடுத்தது. தரவைப் பிரதிசெய்ய எடுத்தது 5 மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் முழுவதும், காப்புப் பிரதியைத் திறக்கும் கடவுச்சொல் விடுமுறையில் இருந்த ஒரே உத்தியோகத்தரிடம் இருந்ததால் போனது. ‘காப்புப் பிரதி நாள்தோறும் எடுக்கப்படுகிறது’ என்ற வரி இதைக் காட்டியிருக்காது. எழுப்பிப் பார்த்த மணி நேரம் காட்டியது. கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பெட்டகத்துள் வைப்பதற்குச் செலவு எதுவுமில்லை, ஆகவே அதற்குச் சபையின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

[திரையில்: ஒரு பக்க அறிக்கை. மூன்று வரிகள், அவற்றின் கீழே ஒரு கட்டம்.]

பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டம் சபையிடம் கேட்கும் முடிவுக்கு உரியது. பேரேட்டு மென்பொருளின் புதிய பதிப்பை வாங்கினால் நான்கு ஓட்டைகளையும் அடைக்கலாம். அதன் விலை இவ்வளவு, மாற்றி முடிக்க மூன்று மாதம். அதுவரை அந்தச் சேவரை இணையத்திலிருந்து துண்டித்து, கிளைகளுக்கு ஒரே ஒரு வழியை மட்டும் திறந்துவைக்கலாம்; செலவு குறைவு, ஆனால் கிளை முகாமையாளர்கள் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டாமென்றால், ஆபத்தைத் தெரிந்தே ஏற்பதாகச் சபை தனது அறிக்கையில் பதிய வேண்டும். மூன்று வழிகளையும் ஒரே அளவு நேர்மையோடு எழுதுங்கள். நமக்குப் பிடித்த வழியை மட்டும் நன்றாக எழுதினால் சட்டத்தரணி உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நமது சபை துண்டிப்பை அன்றே அங்கீகரித்தது. புதிய பதிப்புக்கு மூன்று விலைமனுக்கள் கோரியது. அடுத்த காலாண்டு அறிக்கையின் முதல் வரியில் அந்த நான்கு ஓட்டைகளும் மீண்டும் வரும், அப்போதைய வயதோடு.