ஒரு குவார்ட்டரில் எத்தனை அளவு? குடி பற்றிய பத்துக் கேள்விகளும் பாட்டிலின் விலையும்

[திரையில்: 180 மில்லி பாட்டிலின் லேபிள். "42.8%" என்ற எண் மட்டும் பெரிதாகிறது.]

வணக்கம். குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 100 மில்லி சரக்கில் 42.8 மில்லி சுத்தமான ஆல்கஹால் என்று அர்த்தம். குவார்ட்டர் 180 மில்லி. கணக்குப் போட்டால் அதில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லிக்கு 0.79 கிராம்தான் எடை. ஆக, ஒரு குவார்ட்டருக்குள் ஏறக்குறைய 61 கிராம்.

குடிப்பழக்கத்தைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய கேள்வித்தாள் 10 கிராமை "ஒரு அளவு" என்று வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. இரண்டு பேர் கட்டிங் போட்டால் ஆளுக்கு மூன்று. பாரில் ஊற்றும் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, இரண்டு அளவு. 650 மில்லி பீர் பாட்டில் 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு.

[திரையில்: நான்கு பாட்டில்கள், அவற்றின் கீழே 6, 3, 2½, 4 என்ற எண்கள்]

இந்தக் கணக்கு தெரியாமல் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அந்தக் கேள்வித்தாளின் பெயர் ஆடிட். மொத்தம் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 40. 1980களில் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா என்று ஆறு நாடுகளின் நோயாளிகளிடம் சோதித்து உருவாக்கியது. குடிக்கு அடிமையானவரைக் கண்டுபிடிப்பது மட்டும் இதன் வேலை இல்லை. அவரைக் கண்டுபிடிக்கக் கேள்வித்தாளே தேவையில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் அந்த நிலைக்குப் போகாமல், ஆனால் உடம்புக்குக் கேடு வரும் அளவில் குடித்துக்கொண்டிருப்பவரை முன்கூட்டியே பிடிப்பதுதான் இதன் நோக்கம்.

குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 42, பைக் மெக்கானிக். ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். செவிலியர் கேட்கிறார்.

"வாரத்துல எத்தனை நாள் குடிப்பீங்க, அண்ணே?"

"மூணு நாள் இருக்கும் சிஸ்டர்."

"குடிக்கிற அன்னைக்கு எவ்வளவு?"

"ஒண்ணே ஒண்ணு. குவார்ட்டர்தான்."

முதல் கேள்வி, எத்தனை முறை என்பது. வாரம் இரண்டு மூன்று முறைக்கு 3 மதிப்பெண். இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை அளவு. "ஒண்ணு" என்பதை அப்படியே எழுதினால், ஒன்று அல்லது இரண்டு அளவு என்ற கட்டத்தில் விழும், மதிப்பெண் 0. மூன்றாவது கேள்வி, ஒரே நேரத்தில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை நாளுக்கு ஒருமுறை. ஒன்று குடிப்பவர் ஆறு எங்கே குடிக்கப் போகிறார்? அதற்கும் 0. மொத்தம் 3.

[திரையில்: 3 + 0 + 0 = 3]

இப்போது லேபிள் கணக்கோடு மறுபடி போடுவோம். முதல் கேள்விக்கு அதே 3. இரண்டாவதில் ஆறு அளவு, அதற்கு 2. மூன்றாவதில் ஆறு அளவு என்பது அவருக்கு வாராவாரம் நடப்பது, அதற்கு 3. மொத்தம் 8.

[திரையில்: 3 + 2 + 3 = 8]

கூட்டம் அதிகமான இடங்களில் இந்த முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்பதும் வழக்கம். அதில் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தாலே மேலே விசாரிக்க வேண்டும் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். முதல் முறையில் குமார் "பரவாயில்லை" என்று வீட்டுக்குப் போயிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, செவிலியரும் அலட்சியமாக இல்லை. அளவு மட்டும்தான் தவறிப்போனது. அதனால் கேட்கும்போது "எத்தனை?" என்று விடாமல், "குவார்ட்டரா, கட்டிங்கா, பீரா? முழுசும் நீங்களேவா?" என்று கேட்க வேண்டும். அப்புறம் ஒன்று, மனைவியோ அம்மாவோ பக்கத்தில் நிற்கும்போது கேட்கவே கூடாது. பதில் நிச்சயம் குறைந்துதான் வரும்.

மீதி ஏழு கேள்விகளையும் கேட்போம். ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதுண்டா? இல்லை, 0. குடியால் செய்ய வேண்டிய வேலை கெட்டதா? எப்போதாவது, 1. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் ஆகும் என்ற நிலை? இல்லை, 0. குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி? மாதம் ஒருமுறை, 2. முந்தைய இரவு நடந்தது மறந்துபோனது? எப்போதாவது, 1. குடியால் யாருக்காவது அடிபட்டதா? மூன்று வருடம் முன் பைக்கில் விழுந்தார். கடந்த ஓராண்டுக்குள் இல்லாததால் 2. யாராவது கவலைப்பட்டுக் குறைக்கச் சொன்னார்களா? இந்தத் தீபாவளிக்கு அக்கா சொன்னார், 4. ஆக மொத்தம் 18.

8 வந்தாலே கேடு தரும் குடி. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை போதும். 16 முதல் 19 வரை என்றால் உட்காரவைத்துச் சுருக்கமாகக் கவுன்சலிங் கொடுத்து, திரும்ப வரச்சொல்லிக் கவனிக்க வேண்டும். 20ம் அதற்கு மேலும் என்றால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பழைய தவறான கணக்கில் குமாருக்கு 13தான் வந்திருக்கும். வேறு கட்டம், வேறு கவனிப்பு.

18 வாங்கிய குமாருக்கு ஈரல் பரிசோதனை நன்றாகவே வரலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. அவர் மாத்திரை வாங்க வந்த ரத்த அழுத்தமே குடியால் ஏறக்கூடியது. வாய், தொண்டை, உணவுக்குழாய், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பல இடத்துப் புற்றுநோய்க்கு ஆல்கஹால் காரணம் என்பது உறுதியான விஷயம். பைக்கில் விழுவதற்கு ஈரல் கெட வேண்டிய அவசியமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் உலகம் முழுக்க 26 லட்சம் பேர் ஆல்கஹால் தொடர்பான காரணங்களால் இறந்தார்கள்.

சரி, கவுன்சலிங்கால் எவ்வளவு குறையும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுருக்கமான அறிவுரை பெற்றவர்கள் ஓராண்டு கழித்து, பெறாதவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் குறைவாகக் குடித்தார்கள். நம் கணக்கில் ஒரு லார்ஜ். ஐந்து பத்து நிமிடப் பேச்சுக்கு இது நல்ல பலன்தான், ஆனால் வாரம் 180 கிராமுக்கு மேல் குடிக்கும் குமாருக்கு இது மட்டும் போதாது. இங்கேதான் விலை வருகிறது.

[திரையில்: ஸ்காட்லாந்து வரைபடம், "1 மே 2018"]

ஸ்காட்லாந்து 2012இல் ஒரு சட்டம் போட்டது. பாட்டில் எதுவானாலும், அதற்குள் இருக்கும் ஆல்கஹாலுக்கு ஒரு குறைந்தபட்ச விலை. மது நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது, அது உச்ச நீதிமன்றம்வரை போய், 2018 மே 1இல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய ஒரு யூனிட் 8 கிராம். அதற்கு 50 பென்ஸுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. 7.5 சதவீத ஆப்பிள் சைடர் 3 லிட்டர் பாட்டிலில் 22.5 யூனிட் இருக்கிறது, ஆகவே அதன் குறைந்தபட்ச விலை 11 பவுண்டு 25 பென்ஸ் ஆனது. மலிவாகக் கிடைத்துவந்த சரக்குகளில் அதுவும் ஒன்று. விலை உயர்ந்த விஸ்கிக்கு எந்த மாற்றமும் இல்லை, அது ஏற்கெனவே அந்த வரம்புக்கு மேலேதான் இருந்தது.

சட்டம் வந்து சுமார் இரண்டரை வருடத்துக் கணக்கைப் பார்த்தபோது, குடியை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள், சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட 13.4 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டார்கள். அந்த "இருந்திருந்தால்" முக்கியம். கொரோனா காலத்தில் குடி கூடி, 2023இல் அங்கே இந்த மரணங்கள் 1,277ஐத் தொட்டன. அதைக் காட்டிச் சட்டம் தோற்றுவிட்டது என்று வாதிட்டவர்கள் உண்டு. ஒப்பிட வேண்டியது, அந்தச் சட்டம் இல்லாத இங்கிலாந்தோடு. 2024 செப்டம்பரில் அந்த விலையை 65 பென்ஸாக உயர்த்தினார்கள், பணவீக்கத்தில் பழைய 50 பென்ஸின் மதிப்பு கரைந்துபோயிருந்தது.

இதைத் தமிழ்நாட்டோடு வைத்துப் பார்ப்போம். 2003 முதல் இங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். விலையை நிர்ணயிப்பது அரசுதான் என்பதால் நீதிமன்றச் சண்டைகூடத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் சாதாரண ரக குவார்ட்டர் 130 ரூபாயிலிருந்து 140 ஆனது. ஆறு அளவு 140 ரூபாய், ஒரு அளவு சுமார் 23 ரூபாய். 5 சதவீத பீர் பாட்டிலும் அதே 140 என்று வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு அளவு 55 ரூபாய்க்குப் பக்கம். இரண்டுக்கும் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால், குவார்ட்டரில் ஒரு அளவுக்கு ஒன்றரை ரூபாய்தான் ஏறுகிறது, பீரில் நான்கு ரூபாய். பாட்டிலை வைத்து விலை ஏற்றும்போது, காசுக்கு அதிக ஆல்கஹால் தரும் சரக்கு இன்னும் மலிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கிராமை வைத்து ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பாக்கெட் சாராயம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் குவார்ட்டர் விலையை மட்டும் ஏற்றினால் சிலர் அந்தப் பக்கம் போவார்கள். கள்ளச் சாராயத்தைப் பிடிப்பதும் விலை ஏற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

[திரையில்: கடிகாரம், பகல் 12 மணி]

கிடைக்கும் நேரத்தைக் குறைப்பதும் இதே மாதிரிதான். 2016இல் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10இலிருந்து பகல் 12க்கு மாற்றி, 500 கடைகளையும் மூடினார்கள். 2023 ஜூனில் இன்னொரு 500. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடை இல்லை என்றால் குமார் மாதிரி ஆட்களுக்கு ஒரு நாள் தப்பும். ஆனால் காலை ஏழு மணிக்குச் சந்துக்கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர் வேறு ஆள். அவருக்கு ஆறாவது கேள்வியில், அந்தக் காலைக் குடிக் கேள்வியில், 4 விழும். கை நடுக்கம் நிற்கத்தான் அவர் குடிக்கிறார். விலையும் நேரமும் அவரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஸ்காட்லாந்திலும் குடிக்கு அடிமையானவர்களிடம் குடி குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை, சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டார் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரிந்து, வியர்த்து, நிலைதடுமாறலாம். இது உயிரையும் எடுக்கும். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, தயாமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, சில நாளில் பாதுகாப்பாக நிறுத்தவைக்க முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம். வலிப்போ குழப்பமோ ஏற்கெனவே வந்துவிட்டால் நேராக 108.

[திரையில்: 14446 · 108]