தீப்பெட்டிக்கு இரண்டு வரி எதற்கு?

விழாத் தலைவர் அவர்களே, வெளியூரிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, பந்தலுக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்தாரே, வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தீப்பெட்டித் தொழிலாளத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய வழக்கறிஞர் ஐயா நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

வரி நடுநிலை பற்றிப் பேசச் சொன்னார்கள். வரி இல்லாவிட்டால் ஒருவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பாரோ, வரி வந்த பின்னும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் நடுநிலை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கும் வரி தொழிலையே கோணலாக வளர்த்துவிடும். செய்யும் முறையைப் பார்த்து விதிக்கும் வரி, ஆலையின் அளவைப் பார்த்து விதிக்கும் வரி என்று இரண்டையும் சொல்ல எண்ணி வந்தேன். முதலாவது நம் வீட்டு விஷயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம். எது கையால் செய்தது? கட்டையில் குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டியில் குச்சி அடைத்தல், லேபிள் ஒட்டுதல், பண்டல் போடுதல் ஆகிய ஐந்தில் எதிலும் மின்சாரம் படக்கூடாது. பழைய கலால் வரிச் சலுகையில் இருந்த இலக்கணமே இங்கும் வந்தது. நான்கு வேலையைக் கையால் செய்து ஒன்றை மட்டும் மோட்டாரில் செய்தாலும் சலுகை போயிற்று.

சாத்தூர்ப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய தாயாரே சிறுவயதில் கட்டை அடுக்கியவர். சின்னச் சின்னப் பள்ளங்களில் குச்சியை ஒவ்வொன்றாக வைத்து வைத்து, அந்த அம்மாவின் விரல்கள் முதுமையில் மடங்காமல் போயின. சோற்றைப் பிசைய மருமகள் வர வேண்டும். அதைக் கண்ணெதிரே பார்த்த மகன், "என் ஆலையில் இன்னொரு பெண்ணுக்கு இந்தக் கதி வேண்டாம்" என்று கட்டை அடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். பூசை போட்டார், எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். மறுநாள் கணக்குப்பிள்ளை காகிதமும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார். மாலைக்குள் இயந்திரத்தின் மேல் தார்ப்பாய் விழுந்தது. பெண்கள் மறுபடியும் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு எளிது. 600 பெட்டி கொண்ட பண்டல் 300 ரூபாய் என்று வையுங்கள். 5 சதவீதம் என்றால் வரி 15 ரூபாய். 18 சதவீதம் என்றால் 54. இடையில் 39 ரூபாய். இயந்திரம் பண்டலுக்கு 20 ரூபாய் கூலியை மிச்சப்படுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 19 ரூபாய் நட்டம். விலையில் ஏற்றலாமே என்பீர்கள். அப்போது கடையில் பெட்டி ஒரு ரூபாய். 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. ஆகவே அந்த 39 ரூபாய் ஆலைக்காரர் பங்கிலோ வியாபாரி பங்கிலோதான் விழும். வரி ஒன்றாக இருந்திருந்தால் அந்த இயந்திரம் ஓடியிருக்கும். உண்மையிலேயே செலவு குறைவான வழியை வரி தோற்கடித்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அளவு விஷயமும் இப்படித்தான். உற்பத்தி குறைவான ஆலைக்குக் குறைந்த கலால் வரி என்று முன்பு இருந்தபோது, வளரக்கூடிய ஆலை வளராமல் வேறு வேறு பெயர்களில் பிரிந்துகொள்வதே இலாபமாக இருந்தது. அதை விரித்தால் பொழுது விடிந்துவிடும்.

2020 மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று முடிவு செய்து, ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. கைத்தொழில் ஆலைகளுக்கு 5 சதவீதம் 12 ஆனது பெரிய அடி, மறுக்கவில்லை. 2025 செப்டம்பரில் அது மறுபடி 5 ஆனது, நல்லது. விகிதம் இன்னும் குறைய வேண்டும் என்றாலும் கேளுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன். ஆனால் கைக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று திரும்பக் கேட்காதீர்கள். அந்தச் சலுகை பெட்டியின் மேல் விழுந்தது, பெட்டி செய்தவளின் கைக்கு வந்து சேர்ந்ததா? கூலி எவ்வளவு உயர்ந்தது என்று அதோ உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்.

இயந்திரம் வந்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து, வேலை இழக்கும் பெண்ணின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தும் பணம், முதுமையில் ஓய்வூதியம், விரலுக்கும் நுரையீரலுக்கும் இலவச மருத்துவம். இந்த வரியில் வரும் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். மேடைக்கு இடப்புறம் மேசையில் இருக்கிறது. ஆலை முதலாளிகள் முதலில் கையெழுத்துப் போடுங்கள்; தொழிலாளர்கள் பெயரோடு ஊரையும், எத்தனை வருடமாக எந்த வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.