தொப்பா, தொம்மா, தொபுக்கடீரா?

எல்லோருக்கும் வணக்கம். நேரே ஒரு பக்கத்துக்குள் போய்விடலாம். ஆங்கிலத்தில் வந்த ஒரு சித்திரக்கதையைத் தமிழாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம். திருடன் சுவரேறிக் குதிக்கிறான், நாய் குரைக்கிறது, பயந்து ஓடியவன் கிணற்றில் விழுகிறான். மூலத்தில் மூன்று ஒலிகள்: தட், வூஃப், ஸ்ப்ளாஷ். வசனத்துக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இந்த மூன்றையும் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அது ஏன் சரிப்படாது? வெடிச்சத்தத்துக்கு ‘பூம்’ என்று எழுதிப் பாருங்கள், வாசகருக்குப் பூம்பூம் மாடுதான் ஞாபகம் வரும். குத்துச்சண்டைக்கு ‘பாம்’ என்று போட்டால் பாதிப் பாம்பு. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்கிறது இலக்கணம். ஆனால் டமால், டுமீல், டமார் என்று ஒலிச்சொற்கள் கூட்டமாக அங்கேதான் குடியேறியிருக்கின்றன. துப்பாக்கி என்றால் டுமீல் என்று காமிக்ஸ் வாசகர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதை மாற்றி நாம் எதையும் சாதிக்கப்போவதில்லை.

சரி, திருடனிடம் வருவோம். ‘தட்’ என்பதற்குத் தமிழில் தொப், தொம், டொம், பொத் என்று பல இருக்கின்றன. எதைப் போடுவது? சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். க், ச், ட், ப் என்று வல்லெழுத்தில் முடிந்தால் சத்தம் அங்கேயே அறுந்துவிடும். ம், ங், ல், ர் என்று முடிந்தால் கொஞ்ச நேரம் நின்று அதிரும். டக் என்றால் கதவுத் தாழ்ப்பாள், டங் என்றால் வெண்கலப் பாத்திரம். ஆகவே படத்தில் வெறுங்காலோடு மண்ணில் குதித்திருந்தால் ‘தொப்’. மரத்தளத்தில் மூட்டையோடு குதித்திருந்தால் ‘தொம்’. ஆங்கிலச் சொல் ஒன்றுதான். முடிவைச் சொல்வது படத்தில் இருக்கும் தரை.

நாய்க்கு ‘வள் வள்’. ‘லொள்’ளும் நாய்ச்சத்தம்தான், ஆனால் அதிலிருந்து வந்த ‘லொள்ளு’ இன்று வேறு வேலை பார்க்கிறது. பதற்றமான காட்சியில் அதைப் போட்டால் வாசகர் சிரித்துவிடுவார். கிணற்றுக்கு ‘தொபுக்கடீர்’ என்று கை தானாக எழுதும். திருடன் கோமாளி என்றால் எழுதுங்கள். அதே கிணற்றில் ஒரு குழந்தை தவறி விழுகிற கட்டம் என்றால்? ‘கடீர்’ என்ற அந்த வாலில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறது, அதை வெட்டி ‘தொபுக்’ என்று நிறுத்தினாலும் முழுசாகப் போகாது. அங்கே ‘சளார்’ போதும்.

ஜப்பானியச் சித்திரக்கதைகளை எடுத்தால் சத்தமே இல்லாதவற்றுக்கும் ஒலிச்சொல் இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு ‘டோகி டோகி’. காதலிலும் அதுதான், பயத்திலும் அதுதான். தமிழில் பயத்துக்கு ‘திக் திக்’ போடலாம், காதலுக்கு ‘படபட’ பொருந்தும். ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவர் இங்கே வழுக்கி விழுவார். ஆள் இல்லாத அறையின் அமைதிக்கு அவர்கள் ‘ஷீன்’ என்று வரைவார்கள். நமக்குக் ‘கப்சிப்’ உண்டு, ஆனால் அது பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடும்போது வருவது. காலி அறைக்கு ஒட்டாது. நானாக இருந்தால் அந்த எழுத்தை அழித்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விடுவேன்.

அப்புறம் நீட்டல். டமாலை நீட்ட வேண்டும் என்று துணைக்காலை இரண்டு முறை தட்டினால் பல எழுத்துருக்களில் நடுவே புள்ளி வட்டம் முளைக்கும். இதற்கு வழி பழசு: ‘ஓஒதல் வேண்டும்’ என்று குறள் நீட்டுகிறதே, அந்த அளபெடைதான். ‘டமாஅஅல்’ என்று எழுதுங்கள். ஒற்றெழுத்திலும் அளபெடுப்பவை ஆய்தத்தோடு சேர்த்துப் பதினொன்று என்கிறது நன்னூல். அதில் ர் கிடையாது. நாமோ ‘விர்ர்ர்’ இல்லாமல் ஒரு கார் துரத்தலையும் எழுத முடியாது. பவணந்தியார் பொறுத்துக்கொள்வார்.

அனிமேஷன் டப்பிங் ஸ்கிரிப்டில் கதை மாறிவிடுகிறது. இடி, கார், கதவு எல்லாம் இசையோடு சேர்ந்து தனி ஒலித்தடத்தில் வந்துவிடும், எழுத வேண்டியதில்லை. வாயிலிருந்து வருவதுதான் நம் பொறுப்பு: மூச்சு வாங்குவது, முனகல், ‘ஐயோ’. சிக்கல் வருவது, பாத்திரமே சத்தம் செய்து காட்டும்போது. சிறுவன் முகம் திரை முழுக்கத் தெரிய, ‘அது பூம்னு வெடிச்சுது’ என்கிறான். உதடு மூடித் திறந்து, குவிந்து, மறுபடி மூடுகிறது. ‘டமால்’ இங்கே உதவாது. நடுவில்தான் உதடு மூடும், கடைசியில் வாய் திறந்தே நிற்கும். காகிதத்தில் வேண்டாம் என்ற ‘பூம்’ இங்கே பொருந்துகிறது. குரல் கொடுப்பவர் அழுத்திச் சொல்வதால் மாட்டுக்காரரும் வரமாட்டார். அதே வசனம் முதுகுப்பக்கக் காட்சியாக இருந்தால், தாராளமாக ‘டமால்’ போடுங்கள்.