பறிக்கும் மாதத்தின் விலையைப் பாருங்கள்

வணக்கம். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் விதைப்புக்கு முன்னால் ஐந்து வருட காய்கறி விலை வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுவது வழக்கம். வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் தக்காளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பார்த்ததும் எல்லாருடைய விரலும் இந்த மாத விலைக்குத்தான் போகும். நானும் அப்படிச் செய்தவன்தான். ஒரு வருடம் தக்காளி விலை உச்சத்தில் இருந்தபோது நாற்றுப் பண்ணைக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் நீண்ட வரிசை. அந்த வரிசையைப் பார்த்தே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, நானும் நின்று வாங்கினேன்! வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே வாரத்தில் நட்டோம், ஒரே வாரத்தில் பறித்தோம். முதல் பறிப்பில் வந்த பணம் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே பற்றவில்லை. மூன்றாம் பறிப்பைச் செடியிலேயே விட்டுவிட்டேன்.

தக்காளி விதை நாற்றாக 25 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இன்னும் 60, 70 நாள். ஆக, இன்று விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் காய் சந்தைக்குப் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மாதத்தின் விலையை. மறுபடியும் சொல்கிறேன், பறிக்கும் மாதம்.

சரி, அந்த மாதத்துக்கு ஐந்து வருட கிலோ விலை 12, 9, 48, 11, 14 என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 18.8 வரும். உங்கள் செலவு கிலோவுக்கு 13 என்றால் லாபம்போலத் தெரியும். ஆனால் அந்த 48 ஒரே ஒரு வருடத்து விலை. மழையில் பயிர் அழிந்த வருடமாக இருக்கலாம். ஐந்தையும் சிறியதிலிருந்து வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பாருங்கள்: 12. ஐந்தில் மூன்று வருடம் 13-க்குக் கீழேதான். சராசரி இதை மறைத்துவிடும்.

அந்த 13-ஐயும் சரியாகப் போடுங்கள். மொத்தச் செலவை விளைந்த கிலோவால் வகுக்காமல் விற்ற கிலோவால் வகுக்க வேண்டும். அழுகியது, கழித்தது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே உரம் போட்டோம்? பெட்டி, வண்டி, கமிஷன் இவற்றை விட்டுவிடாதீர்கள்.

சந்தைக்குச் சரக்கு வரத்து பற்றியும் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். விலையோடு அன்றைய வரத்து எவ்வளவு என்பதையும் குறித்து வையுங்கள். அப்புறம், படத்தில் இருப்பது அதிகபட்ச விலையா, பெரும்பாலான சரக்கு போன விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.