1/2 அங்குல சென்சாரில் அங்குலம் எங்கே?

கேள்வி: "அண்ணா, ரெட்மி நோட் 7 ப்ரோவின் சென்சார் 1/2 அங்குலம், கூகுள் பிக்சல் 3ஏவின் சென்சார் 1/2.55 அங்குலம் என்று போட்டிருக்கிறது. எது பெரியது, எவ்வளவு பெரியது? நான் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது."

பெரியது ரெட்மியின் சென்சார்தான். பின்னத்தின் கீழ் எண் குறையக் குறைய சென்சார் பெரிதாகும். ஆனால் அந்த ஒன்றரை மடங்கு கணக்கு தவறு. நீங்கள் கணக்கில் தவறவில்லை, எழுதப்பட்டிருக்கும் அளவே அப்படிப்பட்டது.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அப்படியானால் 1/2 அங்குல சென்சார் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 12.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பதோ 8 மில்லிமீட்டர்தான். மீதி எங்கே போயிற்று? பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் சென்சாருக்குப் பதிலாக விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் வெளி விட்டத்தை வைத்து ஓர் அங்குலக் குழாய் என்று பெயர் சொன்னார்கள். படம் விழுந்த இடம் குழாயின் உட்பகுதியில் மட்டும், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் மூலைவிட்டம். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று உங்கள் போனில் இல்லாத ஒரு குழாயின் விட்டத்தைத்தான் அந்த அட்டவணை சொல்கிறது. இதை விளக்காமல் வாங்குகிறவர்களிடம் வெறும் பின்னத்தைக் கொடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே பின்னத்தை 25.4 ஆல் பெருக்காதீர்கள், 16 ஆல் பெருக்குங்கள். 16இல் பாதி 8. சரியாக வந்துவிட்டது. ஆனால் 1/2ஐ விடச் சிறிய சென்சார்களுக்கு வழக்கத்தில் 18 ஆல் பெருக்க வேண்டும். 18ஐ 2.55 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.06 மில்லிமீட்டர். உங்கள் கணக்கு வழுக்கிய இடம் இதுதான். இரண்டு போன்களிலும் ஓர் அங்குலத்துக்கு ஒரே நீளம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அது வேறு வேறு.

சந்தேகம் இருந்தால் பின்னத்தை ஒதுக்கிவிட்டு பிக்சல்களிலிருந்தே அளந்துவிடலாம். ரெட்மியில் இருப்பது சோனியின் IMX586. அகலத்தில் 8000 பிக்சல், உயரத்தில் 6000, ஒவ்வொன்றும் 0.8 மைக்ரான். பெருக்கினால் 6.4 மில்லிமீட்டருக்கு 4.8 மில்லிமீட்டர். கூகுள் போனில் இருப்பது IMX363. 4032க்கு 3024 பிக்சல், ஒவ்வொன்றும் 1.4 மைக்ரான். அது 5.64க்கு 4.23. ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டராக உள்ள வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். பெரியது சிறியதை விட அகலத்தில் முக்கால் கட்டம்தான் நீண்டிருக்கும். பரப்பு 30.7க்கு 23.9 சதுர மில்லிமீட்டர். அதாவது 29 சதவீதம் கூடுதல். வெறும் பின்னத்தை வைத்துப் பார்த்தால் 63 சதவீதம் என்று தோன்றும்.

இப்படி அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெட்மியின் விளம்பரத்தில் 1.6 மைக்ரான் என்றும் இருக்கும். அது நான்கு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் அளவு. அதற்குரிய எண்ணிக்கை 12 மெகாபிக்சல். 48 மெகாபிக்சலை 1.6உடன் பெருக்கினால் சென்சார் ஒவ்வொரு பக்கமும் இரட்டிப்பாகி 12.8 மில்லிமீட்டர் அகலம் வரும். அது ஓர் அங்குல சென்சாருக்கு அருகில் வரும் அகலம். அட்டவணையில் 1/2 என்றிருக்க விடை அப்படி வந்தால், எண்களை மாற்றிச் சேர்த்திருக்கிறீர்கள் என்று அறியலாம்.

1/2ஐ விடப் பெரிய சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் 16தான், பின்னங்களையே நேராக ஒப்பிடலாம். சாம்சங் எஸ்21 அல்ட்ராவின் 1/1.33க்கும் எஸ்23 அல்ட்ராவின் 1/1.3க்கும் பரப்பில் வேறுபாடு 5 சதவீதத்துக்குள். அதற்காக மட்டும் போன் மாற்ற வேண்டாம்.

இனி உங்கள் இரண்டு போன்கள். லென்ஸ் துளை ஒன்றில் f/1.79, மற்றதில் f/1.8, நடைமுறையில் சமம். ஆகவே ஒளியிலும் வேறுபாடு அதே 29 சதவீதம்தான், ஒளி இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்று வைத்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதல். கூகுள் போனில் ஐஎஸ்ஓ 400இல் தெரியும் புள்ளிக்குறைகள் ரெட்மியில் சுமார் 500இல் தெரியும். இரவில் அதைத் தாண்டி நீங்கள் காணும் வேறுபாடு, பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் மென்பொருளால் வருவது.