ஆப் என்று தொடங்கி தும் என்று முடிக்கலாமா?

நண்பர்களே, வணக்கம்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பலரும் லக்னோ, இந்தூர், டெல்லி என்று வடக்கில் இருக்கும் அலுவலகங்களோடு தினமும் எழுத்தில் பேசுகிறவர்கள். மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போகும்வரை கவலை இல்லை. ஆங்கிலத்தில் முதலாளிக்கும் ஒரே சொல், உதவியாளருக்கும் அதே சொல். ஆனால் வேலை நெருங்க நெருங்க, பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். அங்கே எதிரில் இருப்பவர் இந்தியில் ஒரு வரி போடுவார். நாமும் தெரிந்த இந்தியில் பதில் போடுவோம். ஆங்கிலம் மூடி வைத்திருந்த கேள்வி அந்த ஒரு வரியில் முன்னால் வந்து நின்றுவிடும்: இவரை ஆப் என்று எழுதுவதா, தும் என்று எழுதுவதா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தியில் முன்னிலைக்கு மூன்று சொற்கள்: தூ, தும், ஆப். தூ என்பதை அலுவலக எழுத்தில் தொடவே வேண்டாம். அது கடவுளுக்கும் குழந்தைக்கும் உயிர் நண்பனுக்கும் உரியது, சண்டையிலும் வரும். ஆப் நம்முடைய ‘நீங்கள்’ இருக்கும் இடத்தில் இருக்கிறது. சிக்கல் நடுவில் உள்ள தும்தான். இன்றைய நம் பொதுத்தமிழில் அதற்குச் சரியான இணை இல்லை. ‘நீ’ என்பதைவிட ஒரு படி மேலே, ‘நீங்கள்’ என்பதற்கு நன்றாகவே கீழே. சம வயதுக்காரர்கள், கூடப் படித்தவர்கள், வீட்டில் இளையவர்கள் ஆகியோருக்கு அது இயல்பு. நம்மில் பலர் இந்தியைப் படங்களிலும் பாட்டுகளிலும் விடுதி அறையிலும் கேட்டுக் கற்றவர்கள். அங்கே தும்தான் அதிகம் காதில் விழும். அதனால் அதுவே பொதுவான சொல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. 1918-இல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகளை எழுதியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு; அவர்களுக்கு ஆப் கைவந்த சொல். ஆனால் அவர்களும் வேறொரு இடத்தில் வழுக்குகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

‘ஆப் என்று போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடும்’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இந்தியில் மரியாதை அந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. வினைச்சொல்லில் இருக்கிறது, ‘என்னுடைய’ என்ற சொல்லில் இருக்கிறது, அங்கே இல்லாத மூன்றாவது மனிதரைக் குறிப்பிடும் விதத்திலும் இருக்கிறது. ஒன்று மாறினால் மற்றவையும் மாற வேண்டும்.

ஒரு கதையாகவே பார்ப்போம். சென்னையில் இருப்பவர், லக்னோவில் கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்தவர் ஒருவருக்கு எழுதுகிறார். பெயர் ஷர்மா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லில் ஜிஎஸ்டி எண் தவறாக இருக்கிறது. ஷர்மா முதலில் எழுதுகிறார்: “ஜீ, ஆப் பதாயியே, க்யா கர்னா ஹை.” என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்கிறார். நம்மவர் பதில் போடுகிறார்:

“ஷர்மா ஜீ, பில் மே ஜிஎஸ்டி நம்பர் கலத் ஹை. தும் டீக் கர்கே கல் தக் பேஜ் தேனா. மேரா மேனேஜர் பூச் ரஹா ஹை.”

பில்லில் ஜிஎஸ்டி எண் தவறு, சரிசெய்து நாளைக்குள் அனுப்பிடு, மேனேஜர் கேட்கிறார் என்று சொல்ல வருகிறார். நம்மவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஜீ கூடப் போட்டிருக்கிறார். ஆனால் லக்னோவில் இதைப் படிப்பவருக்கு முகம் சுருங்கும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தும். ஷர்மா தன் வரியில் ஆப் போட்டிருக்கிறார், ‘பதாயியே’ என்று மரியாதை வினையும் போட்டிருக்கிறார். அவர் வயதில் மூத்தவர் வேறு. அதற்குப் பதிலாகத் தும் வருவது, கொடுத்ததைக் குறைத்துத் திருப்பித் தருவது. ஜீ என்ற ஒட்டு இதைக் காப்பாற்றாது. பெயருக்கு ஜீ, அடுத்த சொல் தும் என்றால் இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கும்.

அடுத்தது ‘பேஜ் தேனா’. இது நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம். ‘தேனா’ என்பது அகராதியில் இருக்கும் வடிவம். அதனால் யாருக்கும் பொருந்தும் நடுநிலைச் சொல் போலத் தெரியும். உண்மையில் கட்டளையாக வரும்போது அது தும், தூ இரண்டோடும் சேரும் வடிவம். ‘அனுப்பிடு’ என்ற தொனி. ‘அனுப்பு’ என்பதற்கு இந்தியில் படிகள் இப்படிப் போகின்றன: பேஜ் என்பது தூ-வுக்கு. பேஜோ என்பது தும்-முக்கு. பேஜியே என்பது ஆப்-புக்கு. பேஜியேகா என்றால், அதே ஆப்-பில் ‘இப்போதே வேண்டாம், நேரம் கிடைக்கும்போது அனுப்புங்கள்’ என்ற தணிவு சேர்கிறது. பேஜேங் என்று மூக்கொலியில் முடியும் வடிவமும் ஆப்-புக்கு உரியதுதான்; சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை நடை அது. சபா தேர்வு எழுதியவர்கள் வழுக்குவதாகச் சொன்னேனே, அது இங்கேதான். ‘க்ருபயா உத்தர் பேஜேங்’ என்று பக்கத்து மேசைக்காரருக்கு எழுதினால், அவருக்கு அரசாங்கக் கடிதம் வந்தது போல இருக்கும். மரியாதை இருக்கிறது, மனிதர் இல்லை. பேஜ் தீஜியே, பேஜ் தீஜியேகா இரண்டும் போதும். கொடுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், செய்யுங்கள் என்று பொருள்படும் தீஜியே, லீஜியே, கீஜியே ஆகிய மூன்று வடிவங்கள் கைவசம் இருந்தால் அலுவலக வேலையில் பெரும்பகுதி ஓடிவிடும்.

மூன்றாவது, ‘மேரா மேனேஜர் பூச் ரஹா ஹை’. தமிழில் ‘என் மேனேஜர் கேட்கிறார்’ என்றால் ‘கேட்கிறார்’ மரியாதையைத் தூக்கிப் பிடிக்கும், ‘என்’ மாறாது. இந்தியில் இரண்டுமே மாற வேண்டும். மரியாதைக்குரிய ஒருவர் இலக்கணத்தில் பன்மையாகிவிடுவார். மேரா என்பது மேரே ஆகும், ரஹா என்பது ரஹே ஆகும், ஹை என்பது ஹைங் ஆகும். ஒருமையில் விட்டால் ‘என் மேனேஜர் கேட்கிறான்’ என்றுதான் படிக்கப்படும். ‘அவர் சொன்னார்’ என்பதற்கு ‘உஸ்னே பதாயா’ என்று எழுதுவதும் இதே தவறு. ‘உன்ஹோன்னே பதாயா’ என்பதுதான் சரி. குழு அரட்டையில் அந்த மேனேஜரே இருந்து இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அதே செய்தியைத் திருத்தி எழுதுவோம்:

“ஷர்மா ஜீ, பில் மே ஜிஎஸ்டி நம்பர் கலத் சப் கயா ஹை. டீக் கர்வாகே கல் தக் பேஜ் தீஜியேகா. மேரே மேனேஜர் பூச் ரஹே ஹைங்.”

இதில் ஆப் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படவில்லை. தீஜியேகா அந்த வேலையைச் செய்துவிட்டது. ‘கலத் ஹை’ என்பது ‘கலத் சப் கயா ஹை’ ஆனதால், தவறாக அச்சாகிவிட்டது என்று மட்டும் நின்றது. யார் செய்தது என்ற பேச்சு எழவில்லை. ‘கர்வாகே’ என்றதால், அவரே உட்கார்ந்து திருத்த வேண்டும் என்றில்லை, யாரையாவது வைத்துச் சரிசெய்தால் போதும் என்றாகிறது. மூத்தவரிடம் வேலை கேட்கும் முறை இது.

இங்கே டெல்லிக்காரர்களோடு பழகியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘அவர்களே ஆப் பதாவோ, ஆப் பேஜோ என்றுதானே பேசுகிறார்கள்?’ உண்மைதான். டெல்லி, பஞ்சாப் பக்கத்தில் ஆப்-போடு தும்-மின் வினையைச் சேர்ப்பது அன்றாடப் பேச்சு. அதில் அவமதிப்பு இல்லை. மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த தொனி அது. அப்படி உங்களுக்கு யாராவது எழுதினால் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் அதை எழுத்தில் பழகிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. லக்னோ, அலகாபாத் பக்கத்துக்காரர் கண்ணுக்கு அது உறுத்தும். வெளியிலிருந்து கற்றவர் எழுதினால் நெருக்கம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், இலக்கணம் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொரு சிக்கல், எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது. ‘எப்போது அனுப்புவீர்கள்’ என்றால் தமிழில் கேள்வி முடிந்தது. இந்தியில் ஆணுக்குப் பேஜேங்கே, பெண்ணுக்குப் பேஜேங்கீ. கிரண், சுமன் என்று பெயர் இருந்தால் என்ன செய்வது? இரண்டு பாலிலும் அந்தப் பெயர்கள் உண்டு. அப்போது மனிதரை விட்டுவிட்டு, பொருளை எழுவாயாக்கிவிடுங்கள். “பில் கப் தக் மில் ஜாயேகா?” பில் எப்போது கிடைக்கும், அவ்வளவுதான். கோப்பு என்றால் “ஃபைல் கப் தக் மில் ஜாயேகீ?” என்று கேளுங்கள். இப்போது வினை கோப்பின் பாலைப் பின்பற்றுகிறது, ஆளின் பாலை அல்ல. யாரை எப்படி அழைப்பது என்று தெரியாத முதல் நாளில் இந்த வழி மிகவும் கைகொடுக்கும். ஆப், தும் கேள்வியே எழாது.

அப்புறம், தும்-முக்கு எப்போது இறங்கலாம்? சம வயது, சம பதவி, நாலு மாதமாகச் சேர்ந்து வேலை செய்கிறீர்கள். ஒருநாள் அவர், நீயே பார்த்துக்கொள் என்ற பொருளில், ‘தும் தேக் லோ’ என்று எழுதுகிறார். அது அழைப்பு. நீங்களும் மாறலாம், மாறாமல் ஆப்-பிலேயே நின்றால் சிலருக்கு அது விலகலாகத் தோன்றும். ஆனால் மூத்தவர் உங்களைத் தும் என்றால் அது அழைப்பு இல்லை. அவர் தும் என்பார், நீங்கள் ஆப் என்பீர்கள். இரண்டும் இயல்பு, யாருக்கும் மனக்குறை வராது. தனி அரட்டையில் தும் என்று பேசிக்கொள்ளும் இருவர்கூட, வாடிக்கையாளர் இருக்கும் குழுவில் ஆப்-புக்குத் திரும்புவது நல்லது. அப்படித் திரும்புவதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். தனியாகப் பேசும்போது, நேற்றுவரை தும் என்றவரை இன்று திடீரென்று ஆப் என்று எழுதினால்தான் சிக்கல். ‘என்மேல் கோபமா?’ என்ற கேள்வி உடனே வரும். ஆகவே இறங்குவதற்கு முன்னால் யோசியுங்கள். மறுபடி ஏறுவது கடினம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. மேனேஜருக்கு ஆப், அலுவலக உதவியாளருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் காவலாளிக்கும் தும் என்று எழுதுகிற பழக்கம் வடக்கிலும் இருக்கிறது. அதைப் பார்த்து நாமும் பிடித்துக்கொள்கிறோம். வயதில் தந்தை போன்றவருக்கு, வண்டியைக் கொண்டு வா என்ற தொனியில், ‘காடி லே ஆவோ’ என்று செய்தி போகிறது. ‘பையா, காடி லே ஆயியே’ என்று எழுதச் சில எழுத்துகள்தான் அதிகம். இதற்கு எந்த விதிவிலக்கும் நான் தரமாட்டேன். இந்தி பேசும் அலுவலகத்தில் எவரையும் ஆப் என்று எழுதத் தடை இல்லை. அந்த உதவியாளர் உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருந்தாலும்கூட.